வெள்ளைத் திரை கண்ணுக்குள் என்ன செய்கிறது?

குரோம்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: “என் பெரியப்பாவுக்கு 71 வயது. கருவிழியில் பழைய தழும்பு. கண்ணாடி போட்டும் நல்ல கண்ணில் 6/24தான் என்றார் டாக்டர். வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அப்போதும் ‘எல்லாம் வெளுத்துப்போய்த் தெரியுதுப்பா’ என்கிறார். எழுத்து பெரிதாகியும் ஏன் தெரியவில்லை?”

பெரியப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ‘வெளுத்துப்போவது’ என்பது அவர் கண்ணுக்குள் நடப்பதன் துல்லியமான விவரிப்பு. அளவு ஒரு பிரச்சினை, வெளுப்பு வேறு பிரச்சினை. முதலில் வெளுப்பை எடுத்துக்கொள்வோம்.

தெளிவான கருவிழியும் லென்சும் வந்த ஒளியை அது போய்ச் சேரவேண்டிய புள்ளியிலேயே சேர்த்துவிடும். தழும்போ கண்புரையோ இருந்தால் ஒளியின் ஒரு பகுதி சிதறி விழித்திரை முழுக்க மெல்லிய மூடுபனிபோல் பரவும். மார்கழிக் காலையில் பனிக்குள் ஹெட்லைட் போட்டால் பனியே வெள்ளைச் சுவராகத் தெரிகிறதே, அதே கதை.

ஒரு பேச்சுக்கு, அந்தக் கண்ணில் திரையின் சராசரி வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு சிதறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. வெள்ளையின் வெளிச்சம் 100, கறுப்பு 0. பக்கத்தில் எழுத்து அடைக்கும் இடம் பத்தில் ஒன்று என்றால் சராசரி வெளிச்சம் 90; சிதறுவது 18. இந்த 18 எல்லா இடத்திலும் வந்து விழும். கறுப்பு எழுத்து 18 ஆகிவிடும், வெள்ளை 118 ஆகும். இரண்டுக்கும் விகிதம் ஆறரை. கறுப்பு எழுத்து சாம்பலாகிவிட்டது.

இப்போது நிறத்தைப் புரட்டிப் போடுங்கள். கறுப்புப் பக்கம், வெள்ளை எழுத்து. சராசரி வெளிச்சம் வெறும் 10, சிதறுவது 2. பின்னணி 2, எழுத்து 102. விகிதம் 51. அதே கண், அதே திரை, அதே தழும்பு. மாறியது பின்னணி மட்டும். கான்ட்ராஸ்ட் கிட்டத்தட்ட எட்டு மடங்கு ஏறிவிட்டது. பார்வைக்குறைவுக்கான அமைப்புகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான். ஒரு பைசா செலவில்லாமல், சிதறும் ஒளியை அது புறப்படும் இடத்திலேயே நிறுத்திவிடுகிறோம்.

இது எல்லாருக்கும் பொருந்தாது. கருவிழியும் லென்சும் தெளிவாக இருந்து பவர் மட்டும் சரியாக இல்லாதவர்களுக்குக் கறுப்புப் பின்னணி தொல்லை தரலாம். இருட்டில் கண்ணின் பாப்பா விரியும். விரிந்தால் பவர் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். வெள்ளை எழுத்தின் ஓரம் கசிந்து நிற்கும். அதனால் இரண்டையும் காட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பத்தி படிக்கச் சொல்லி, எதில் தடுமாற்றம் குறைகிறது என்று பாருங்கள்.

விண்டோஸ் 11இல் `Win + U` அழுத்தினால் Accessibility பக்கம் நேரே திறக்கும். அதில் Contrast themes. நான்கு தீம்கள் இருக்கும். Night sky, Aquatic, Dusk மூன்றும் இருண்டவை, Desert வெளிர்ந்தது. பெரியப்பாவுக்கு Night sky-யில் தொடங்கி Apply கொடுங்கள். நிறம் ஒத்துவரவில்லையென்றால் Edit-க்குள் போய் ஒவ்வொன்றாக மாற்றலாம். சுத்த வெள்ளை உறுத்தினால் எழுத்தை வெளிர்மஞ்சளாக்கலாம்; பின்னணி கறுப்பாகவே இருக்கட்டும்.

இந்தத் தீம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் குழப்பங்கள் புரியும். எழுத்துக்கு ஒரு நிறம், பின்னணிக்கு ஒரு நிறம், லிங்க்குக்கு ஒன்று, பொத்தானுக்கு ஒன்று என்று ஒரு சிறு பட்டியலை விண்டோஸ் வைத்திருக்கிறது. குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்கள் இணையதளம் சொல்லும் நிறங்களைத் தள்ளிவிட்டு இந்தப் பட்டியலைப் பூசும். வெள்ளையில் `#999999` சாம்பல் எழுத்து போடும் தளங்கள் ஏராளம். அதன் விகிதம் 2.85தான், சாதாரண எழுத்துக்கு இணைய அணுகல் நெறிகள் கேட்பது குறைந்தது 4.5. அந்தச் சாம்பலெல்லாம் தீமில் காணாமல் போய்விடும், நல்லதுதான். ஆனால் படமாக ஒட்டிய எழுத்தைத் தீம் தொடாது. பின்னணி இல்லாத படத்தில் கறுப்பு எழுத்தாக வரும் கேப்ட்சா, கறுப்புத் திரையில் கறுப்பாகவே கரைந்துவிடும். ‘பச்சை என்றால் இடம் உண்டு, சிவப்பு என்றால் இல்லை’ என்று நிறத்தை மட்டும் நம்பிச் சொல்லும் தகவலும் போய்விடும். அப்போது இடப்பக்க Alt, இடப்பக்க Shift, Print Screen மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தீம் அணையும். வேலை முடிந்ததும் மறுபடி அழுத்தினால் திரும்பி வரும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். மின்கட்டணமும் பென்ஷனும் இணையத்துக்குப் போய்விட்ட பிறகும் படத்தில் எழுத்தை ஒட்டும் தளங்களை ஏற்றுக்கொண்டு பணம் கொடுக்கும் அலுவலகங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

இனி அளவு. ‘எவ்வளவு பெரிதாக?’ என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 6/6 பார்வை உள்ளவர் சிரமப்பட்டுப் படிக்கும் கடைசி எழுத்து கண்ணில் 5 நிமிடக் கோணம், அதாவது ஒரு பாகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, பிடிக்கும்; அரை மீட்டர் தூரத்தில் அது 0.73 மில்லிமீட்டர் உயரம். 6/24 என்றால் அதைப்போல் 4 மடங்கு, ஏறக்குறைய 2.9 மி.மீ. அதுவும் தட்டுத்தடுமாறிப் படிக்கத்தான். சரளமாகப் படிக்க அதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும்: 5.8 மி.மீ.

பெரியப்பாவின் மானிட்டர் வீடுகளில் சகஜமான 21.5 அங்குலம், 1920×1080 என்று கொள்வோம். ஒரு பிக்சல் கால் மில்லிமீட்டர். மெனுவில் வரும் 12 பிக்சல் எழுத்தில் ஆங்கிலச் சிறிய x-இன் உயரம் ஒன்றரை மி.மீ. அதை 5.8 ஆக்க நான்கு மடங்கு பெருக்கவேண்டும். திரையில் பாதி வாக்கியம்கூடக் கொள்ளாது. ஆனால் மானிட்டரை 50 செ.மீ.யிலிருந்து 35 செ.மீ.க்கு இழுத்துவிட்டால் தேவைப்படும் உயரம் 4 மி.மீ.தான். 2.7 மடங்கு போதும்.

அந்த 2.7ஐ இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். Settings, System, Display வழியே போய் Scale-ஐ 150% ஆக்குங்கள். இது எழுத்து, பொத்தான், படம் எல்லாவற்றையும் பெருக்கும். பிறகு Accessibility-யில் Text size-ஐ 180% ஆக்குங்கள். இது எழுத்தை மட்டும் பெருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும்: 1.5 × 1.8 = 2.7. பிரவுசருக்கு `Ctrl` அழுத்திக்கொண்டு `+` தட்டி 150% வைத்தால் போதும், ஏனெனில் இணையப் பக்க எழுத்து பெரும்பாலும் 16 பிக்சலில் தொடங்குகிறது. எல்லாத் தளத்துக்கும் ஒரேயடியாக வேண்டுமென்றால் குரோமின் Settings-இல் Appearance பகுதியில் Page zoom இருக்கிறது.

35 செ.மீ.க்குக் கண்ணாடியும் ஒத்துழைக்கவேண்டும். அந்த வயதில் கண் தானாகக் கிட்டத்தில் குவியாது. அந்தத் தூரத்துக்கு ஏறக்குறைய +3.00 கூடுதல் பவர் தேவை. பைஃபோகலின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் 40 செ.மீ.க்கு, +2.50க்குச் செய்தது. மேலும், மானிட்டர் உயரத்தில் இருந்தால் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்கவேண்டும். அரை மணியில் கழுத்து வலிக்கும். தூரத்தை டேப்பில் அளந்து எழுதிக்கொண்டு போய், கம்ப்யூட்டருக்கென்று தனிக் கண்ணாடி கேளுங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது, அங்கேயே பார்க்கலாம். போகும்போது இன்னொன்று: வீட்டில் வேறு யாருக்காவது கண்புரை இருந்து ‘நல்லா பழுக்கட்டும், அப்புறம் ஆபரேஷன்’ என்று காத்திருந்தால், அது பழைய அறுவைமுறைக் காலத்துப் பேச்சு. இன்றைய முறையில் முற்றிய புரைதான் கடினம். தேனும் இளநீரும் கண்ணில் விடுவதும் வேண்டாம். புரை கரையாது, புண் வரும்.

எழுத்தைப் பெரிதாக்க ரெசல்யூஷனைக் குறைத்து வைப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. எல்சிடி திரையின் பிக்சல்கள் அச்சு வார்த்ததுபோல் நிலையானவை. 1920×1080 திரையில் 1280×720 படத்தைப் போட்டால் ஒரு பிக்சலை ஒன்றரைப் பிக்சலில் பரப்பவேண்டும். அரைப் பிக்சல் என்று ஒன்று கிடையாது என்பதால் ஓரங்களில் சாம்பல் பூசி ஒப்பேற்றும். எழுத்து பெரிதாகும், கூடவே மங்கும். Display resolution-இல் Recommended என்று எழுதியிருப்பதையே வைத்துவிட்டு Scale-ஐ மட்டும் தொடுங்கள்.

தமிழுக்கு ஒரு தனிச் சோதனை உண்டு. ‘பல’வுக்கும் ‘பல்’லுக்கும் இடையே நிற்பது ஒரு புள்ளி, 12 பிக்சல் எழுத்தில் அது ஓரிரு பிக்சல்தான். ‘மணம்’, ‘மனம்’ இரண்டையும் பிரிப்பது ஒரு சுழி. ஆங்கிலம் படிக்க முடிகிறதே என்று அளவை நிறுத்திவிடாதீர்கள். இந்த நான்கு சொற்களையும் நோட்பேடில் அடித்து, கலைத்து, பெரியப்பாவைப் படிக்கச் சொல்லுங்கள். வாக்கியமாகக் கொடுத்தால் மூளை ஊகித்துவிடும்; தனிச்சொல்லில் ஊகம் எடுபடாது. தடுமாறினால் Text size-ஐ 200% ஆக்குங்கள்.

கடைசியாக மவுஸ் அம்புக்குறி. Accessibility-யில் Mouse pointer and touch. அளவு 1 முதல் 15 வரை. 4 அல்லது 5இல் தொடங்குங்கள். பின்னணிக்கு எதிர்நிறம் எடுக்கும் Inverted கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் நடுச்சாம்பலின் எதிர்நிறமும் நடுச்சாம்பலே. சாம்பல் படத்தின்மேல் அம்பு மறைந்துவிடும். Custom-இல் பளிச்சென்ற மஞ்சளோ பச்சையோ எடுத்தால் கறுப்புத் தீமில் நன்றாக நிற்கும். அம்பு எவ்வளவு பெரிதானாலும் கிளிக் விழுவது அதன் நுனியில்தான். அம்பின் நடுவயிற்றைப் பொத்தான்மேல் வைத்துவிட்டு ‘வேலை செய்யலை’ என்பார்கள். இதை ஒருமுறை கையைப் பிடித்துக் காட்டிவிடுங்கள். அம்பு தொலைந்தால் கண்டுபிடிக்க, மவுஸ் அமைப்பில் Pointer Options-க்குள் `Ctrl` அழுத்தினால் அம்பைச் சுற்றி வட்டம் சுருங்கும் வசதி இருக்கிறது. விழித்திரையின் ஓரப்பகுதி எழுத்தைப் படிக்காது, அசைவை மட்டும் நன்றாகப் பிடிக்கும். அதனால்தான் அசையாத பெரிய அம்பைவிடச் சுருங்கும் வட்டம் சட்டென்று கண்ணில் படுகிறது. தட்டச்சு செய்யும் இடத்தைக் காட்டும் மெல்லிய கோட்டுக்கு Text cursor பக்கத்தில் Indicator-ஐ இயக்குங்கள்.

இதெல்லாம் செய்த பிறகு சில பழைய நிரல்களின் பெட்டியில் OK பொத்தான் திரைக்குக் கீழே போய்விடலாம். 1366×768 லேப்டாப் என்றால் கட்டாயம் நடக்கும். 150%இல் அதில் மிஞ்சுவது 911×512 அளவு இடம்தான். அங்கே Scale-ஐ 125% ஆக்கி, குறையை Text size-இல் ஈடுகட்டுங்கள். அப்படியும் சிறிதாகவே தெரியும் நிரலுக்கு `Win` உடன் `+` அழுத்தினால் உருப்பெருக்கி வரும். `Win + Esc` அதை மூடும்.

பெரியப்பாவுக்குத் தனி யூசர் அக்கவுண்ட் போட்டுக் கொடுங்கள். அமைப்புகள் அக்கவுண்டுடன் போகும். பேரன் பாட நேரத்தில் கறுப்புத் திரையை அணைத்துவிட்டு எழுந்து போகும் சண்டை இருக்காது. மேசையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். திரைக்கு எதிரே சன்னல் இருந்தால் மதிய வெயில் கண்ணாடியில் பட்டுக் கறுப்பை மறுபடி சாம்பலாக்கும். பின்னால் இருந்தால் அந்த வெளிச்சமும் கண்ணுக்குள் போய்ச் சிதறி, மேலே போட்ட கணக்கின் 2ஐ மீண்டும் 18ஐ நோக்கி ஏற்றிவிடும்.