ஐபி மாறினாலும் உங்கள் லேப்டாப்பைச் சர்வர் அடையாளம் காண்பது எப்படி?

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "அலுவலக சர்வருக்குள் நுழைய என் ஐபி முகவரியைச் சொன்னால் அனுமதிப் பட்டியலில் சேர்க்கிறார்கள். மோடத்தை அணைத்துப் போட்டால் முகவரி மாறிவிடுகிறது, மறுபடி கெஞ்ச வேண்டியிருக்கிறது. இன்னொரு கிளையில் இருப்பவர்கள் ஏதோ ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டு ரயிலிலிருந்துகூட நுழைகிறார்கள். அது எப்படி நடக்கிறது? அது பாதுகாப்பானதுதானா?"

முதலில் பழைய முறையின் கோளாறைப் பார்த்துவிடுவோம். ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. அவை போதாததால் மொபைல் நிறுவனங்களும் பல பிராட்பேண்டு நிறுவனங்களும் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. எனவே உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டின் முகவரியைப் பட்டியலில் சேர்த்தால், முன்பின் தெரியாத ஒரு கூட்டத்துக்கே ஃபயர்வால் திறந்துவிடுகிறது. நாளைக்கு உங்களுக்கு வேறு முகவரி வந்ததும் நீங்கள் வெளியே நிற்பீர்கள், அந்தக் கூட்டம் உள்ளேயே இருக்கும். முகவரி என்பது பாக்கெட்டை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதற்காக உண்டானது. அனுப்பியவர் யார் என்று அது ஒருபோதும் சொன்னதில்லை.

இந்த வேலையை முகவரியிடமிருந்து பிடுங்கிச் சாவியிடம் கொடுப்பதுதான் புதிய முறை. டெயில்ஸ்கேல், நெட்பேர்ட் போன்ற ஆப்களின் அடியில் ஓடுவது வயர்கார்டு என்ற நெறிமுறை. ஜேசன் டோனன்ஃபெல்ட் எழுதியது, 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. இதில் ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு ஜோடிச் சாவியை உருவாக்கிக்கொள்கிறது. தனிச் சாவி அந்தக் கருவியை விட்டு வெளியே போகாது. பொதுச் சாவியை யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். அது 32 பைட், திரையில் 44 எழுத்தாகத் தெரியும். ஒருவர் கையில் தனிச் சாவி இருக்கிறதா என்பதை, அதைக் காட்டாமலேயே நிரூபிக்க முடியும். இதற்கான நீள்வளைவுக் கணக்கை டேனியல் பெர்ன்ஸ்டைன் 2006-ல் வெளியிட்டார். நீள்வளைவுகளை ஆராய்ந்த பழைய கணிதவியலாளர்கள் யாரும் சர்வரையோ ஃபயர்வாலையோ நினைத்துப் பார்த்திருக்க முடியாது. இதனால் உடனே என்ன பயன் என்று கேட்டுக் கணித ஆராய்ச்சிக்கான பணத்தை வெட்டுவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு என் பார்வையில் இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். சர்வரில் இருக்கும் வயர்கார்டு கோப்பில் உங்கள் லேப்டாப்பைப் பற்றி இவ்வளவுதான் எழுதியிருக்கும்:

```
[Peer]
PublicKey = (லேப்டாப்பின் பொதுச் சாவி)
AllowedIPs = 10.8.0.7/32
```

10.8.0.7 என்பது வயர்கார்டு இந்தக் கருவிகளுக்கிடையே உருவாக்கும் உள்வலையில் மட்டும் உங்கள் லேப்டாப்புக்குக் கொடுத்த முகவரி. சர்வருக்கு 10.8.0.1 என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப் இணையத்தில் எந்த முகவரியில் இருக்கிறது என்று இந்தக் கோப்பில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சர்வருக்குள் நுழைய நீங்கள் லேப்டாப்பில் `ssh 10.8.0.1` என்று தட்டுகிறீர்கள். பாக்கெட் வயர்கார்டிடம் வருகிறது. 10.8.0.1 எந்தச் சாவிக்கு உரியது என்று அது தன் பட்டியலில் பார்க்கிறது. சர்வரின் சாவி கிடைக்கிறது. அந்தச் சாவிக்காரருடன் ஏற்கெனவே பேசி முடிவு செய்த தற்காலிகச் சாவியால் (ஏறக்குறைய இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இது புதிதாகும்) முழுப் பாக்கெட்டையும் பூட்டி, ஒரு சாதாரண யுடிபி பாக்கெட்டுக்குள் வைத்து இணையத்தில் அனுப்பிவிடுகிறது.

அந்தப் பக்கம் சர்வர் அதை வாங்கியதும், வெளிப்புறத்தில் எழுதியிருக்கும் அனுப்புநர் முகவரியை நம்புவதே இல்லை. முதலில் பூட்டைத் திறந்து பார்க்கிறது. ஒரு பிட் மாறியிருந்தாலும் திறக்காது, பாக்கெட் அங்கேயே குப்பைக்குப் போகிறது. திறந்தால், இதைப் பூட்டியது இந்தச் சாவிக்காரர்தான் என்று உறுதியாகிவிட்டது. அப்புறம் உள்ளே இருக்கும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியைப் பார்த்து, இந்தச் சாவிக்காரர் 10.8.0.7 என்று சொல்லிக்கொள்ள உரிமை உள்ளவரா என்று அதே `AllowedIPs` வரியில் சரிபார்க்கிறது. உரிமை இருந்தால்தான் பாக்கெட் உள்ளே போகும்.

அனுப்பும்போது வழி சொல்லும் அட்டவணையாக இருந்த அதே ஒரு வரி, வாங்கும்போது காவல் செய்கிறது. எனவே உள்வலையில் 10.8.0.7-லிருந்து ஒரு பாக்கெட் வந்தால், அதை இன்ன லேப்டாப்தான் அனுப்பியது என்று சர்வரில் ஓடும் எந்த நிரலும் எடுத்துக்கொள்ளலாம். முகவரியை வைத்து அனுமதிக்கும் பழைய வழக்கம் முழுக்க ஒழிந்துவிடவில்லை. சாவியோடு கட்டிவிட்டதால் அந்த முகவரியால் இனிப் பொய் சொல்ல முடியாது, அவ்வளவுதான். பட்டியலில் இல்லாத ஒரு உள்வலை முகவரியைச் சர்வரிலிருந்து நீங்களே `ping` செய்து பாருங்கள். கெர்னல் `Required key not available` என்று பதில் சொல்லும். இங்கே சாவி இல்லாத முகவரிக்கு இருப்பே இல்லை.

இன்னொரு விஷயம். பூட்டு சரியாகத் திறந்ததும், அந்தப் பாக்கெட் எந்த வெளி முகவரியிலிருந்து வந்ததோ அதைச் சர்வர் குறித்துக்கொள்கிறது, பதிலை அங்கே அனுப்புகிறது. ரயிலில் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் அடுத்த பாக்கெட்டிலேயே குறிப்பு புதுப்பிக்கப்பட்டுவிடும். எஸ்எஸ்எச் இணைப்போ 10.8.0.7-க்கும் 10.8.0.1-க்கும் இடையில் இருப்பதால் அதற்கு எதுவும் தெரிவதில்லை, அறுபடாமல் ஓடுகிறது. வாசகர் கேட்ட ரயில் கேள்விக்கு விடை இதுதான்.

வெளியாட்களுக்கு இந்தச் சர்வர் எப்படித் தெரியும்? எதுவும் தெரியாது. முதல் வணக்கப் பாக்கெட்டிலேயே சர்வரின் பொதுச் சாவியை வைத்துக் கணக்கிட்ட ஒரு முத்திரை இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வயர்கார்டு மறுப்புகூடச் சொல்லாமல் மௌனமாக இருக்கும். எஸ்எஸ்எச் போர்ட்டை 22-லிருந்து 2222-க்கு மாற்றினால் பாதுகாப்பு என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது ஆதாரமில்லாத நம்பிக்கை. எல்லாப் போர்ட்டையும் தட்டிப் பார்க்கும் நிரலுக்கு அது சில நிமிட வேலை.

இதுவரை சொன்னது இரண்டு கருவிகளுக்கு. பத்துக் கருவிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேச வேண்டுமானால் 45 ஜோடிகள், கையால் எழுதிக் கட்டாது. அதனால் டெயில்ஸ்கேல் போன்றவை நடுவில் ஒரு ஒருங்கிணைப்பு சர்வர் வைத்திருக்கின்றன. நீங்கள் நிறுவனக் கணக்கில் உள்நுழைந்ததும் உங்கள் லேப்டாப் தன் பொதுச் சாவியை அங்கே பதிகிறது. யார் யாரோடு பேசலாம் என்ற விதிப்படி அது மற்றக் கருவிகளுக்கு அந்தச் சாவியைப் பரப்புகிறது. உங்கள் தரவு அந்த வழியாகப் போவதில்லை. இரண்டு பக்கமும் வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால், இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை நோக்கி ஒருவர் யுடிபி பாக்கெட் அனுப்புவார்கள். உள்ளிருந்து வெளியே போனதற்குப் பதில் வருகிறது என்று நினைத்து இரண்டு ரவுட்டர்களும் வழிவிடும். சில ரவுட்டர்கள் ஒவ்வொரு இலக்குக்கும் வேறு வேறு போர்ட் கொடுப்பதால் இது பலிக்காது. அப்போது பாக்கெட்டுகள் ஒரு இடைநிலை சர்வர் வழியாகப் போகும். பூட்டியபடியே போவதால் அதற்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, ஆனால் வேகம் குறையும். இணைப்பு இழுத்தால் `tailscale ping` போட்டுப் பாருங்கள்:

```
pong from server (100.101.5.2) via DERP(blr) in 48ms
pong from server (100.101.5.2) via 198.51.100.7:41641 in 12ms
```

முதல் வரி பெங்களூரு இடைநிலை வழியாகப் போனது, இரண்டாவது நேர்வழி கிடைத்துவிட்டது. கடைசிவரை `DERP` என்றே வந்தால், ரவுட்டர் அப்படிப் போர்ட்டை மாற்றிக்கொண்டே இருக்கலாம், அல்லது நடுவில் யாரோ யுடிபியை அடைத்திருக்கலாம்.

இனிப் பாதுகாப்பு பற்றிய கேள்வி. சாவி அடையாளம் காட்டுவது கருவியை, அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளை அல்ல. லேப்டாப் திருட்டுப் போய், திரைப் பூட்டும் இல்லாவிட்டால், திருடியவர் உங்கள் பெயரில் உள்ளே இருப்பார். அந்த ஒரு சாவியை மட்டும் பட்டியலிலிருந்து நீக்கிவிட முடியும் என்பதுதான் ஆறுதல். இதற்காகவே டெயில்ஸ்கேலில் சாவி இயல்பாக 180 நாளில் காலாவதியாகிறது, மறுபடி உள்நுழைய வேண்டும். மனிதர்களின் கருவிகளுக்கு இது நல்லது. சர்வரை ஒருவரின் சொந்தக் கணக்கில் சேர்த்து மறந்துவிட்டால், ஆறு மாதம் கழித்து அதுவே வலையிலிருந்து விழுந்துவிடும். சர்வர்களைத் தனிக் குறியிட்டுச் சேர்த்தால் இந்தக் காலாவதி இருக்காது.

அடுத்தது, ஒருங்கிணைப்பு சர்வர் மீதான நம்பிக்கை. அதைக் கைப்பற்றியவர் தன் சாவியையும் பட்டியலில் நுழைத்துவிடலாம். புதிய சாவிகளுக்கு உங்கள் கருவிகளில் ஒன்று கையொப்பமிட்டால்தான் ஏற்பது என்று டெயில்ஸ்கேலில் அமைக்க முடியும். ஸ்லாக் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட நெபுலா வேறு வழியில் போகிறது. அங்கே நீங்களே வைத்திருக்கும் ஒரு தலைமைச் சாவி ஒவ்வொரு கருவிக்கும் சான்றிதழ் தருகிறது, அதிலேயே அதன் உள்முகவரியும் குழுவும் எழுதியிருக்கும். தலைமைச் சாவியை இணையத்தில் இல்லாத கணினியில் வைக்கலாம் என்பதால், சிறிய, கவனமான குழுக்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

நான் பார்த்த வரை மிக அதிகமாக நடக்கும் தவறு, உள்வலையை அமைத்துவிட்டுப் பழைய கதவை மூடாமல் விடுவது. உள்வலை வழியாக ஒரு எஸ்எஸ்எச் இணைப்பைத் திறந்து, அது வேலை செய்கிறது என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் அந்த இணைப்பிலிருந்தே, உங்கள் பழைய வீட்டு முகவரிக்கு `ufw` ஃபயர்வாலில் இருக்கும் விதியை நீக்குங்கள்:

```
sudo ufw delete allow from 203.0.113.20 to any port 22
```

இதற்குமுன் சர்வர் வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் கன்சோல் வழியாக உள்ளே போக முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், வலை விழுந்தால் அதுதான் வழி. டாக்கர் ஓடும் சர்வரில் கூடுதல் கவனம் தேவை. `-p 5432:5432` என்று திறந்த போர்ட், `ufw` என்ன சொன்னாலும் கேட்காமல் இணையத்துக்குத் திறந்தே இருக்கும், ஏனென்றால் டாக்கர் தன் விதிகளை `ufw` பார்க்காத இடத்தில் எழுதுகிறது. `-p 10.8.0.1:5432:5432` என்று உள்முகவரியைச் சேர்த்து எழுத வேண்டும். கடைசியாக, போனில் மொபைல் டேட்டாவைப் போட்டு, லேப்டாப்பை அதில் இணைத்து, உள்வலையை அணைத்துவிட்டு, சர்வரின் பொது முகவரியை `nc -vz` கொண்டு 22, 5432 இரண்டிலும் தட்டிப் பாருங்கள். எதிலும் `succeeded` என்று வரக் கூடாது.