வாஷிங் மெஷின் தண்ணீர் விடும்போது டாய்லெட் குமிழி விடுகிறதா? தரையை உடைப்பதற்கு முன் ஒரு கடிகாரத்தை எடுங்கள்

காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பிளம்பிங் வேலை பார்க்கிறவன் நான். எனக்கு வருகிற போன்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது: "மெஷின் தண்ணீரை வெளியே விடும்போது மட்டும் டாய்லெட்டுக்குள் குளுக் குளுக்கென்று சத்தம், பாத்ரூம் தரையில் இருக்கிற நானி டிராப்பில் இருந்து சோப்புத் தண்ணீர் மேலே ஏறுது, மற்ற நேரத்தில் ஒன்றுமில்லை." மற்ற நேரத்தில் ஒன்றுமில்லை என்பதால் மெஷினில்தான் கோளாறு என்று பலர் கம்பெனி ஆளைக் கூப்பிடுகிறார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு மெஷின் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விடுவார். அவர் சொல்வதும் சரிதான்.

மெஷின் இங்கே செய்வது ஒன்றே ஒன்று, உங்கள் பைப்பால் தாங்க முடியாத வேகத்தில் தண்ணீரைத் தள்ளுகிறது. குளிக்கும்போது ஒரு செம்பு ஊற்றுகிறோம், நிறுத்துகிறோம், சோப்பு போடுகிறோம். ஃப்ளஷ் செய்தால் ஆறு லிட்டரோ பத்து லிட்டரோ ஒரே தடவை இறங்கி முடிந்துவிடும். மெஷினில் உள்ள பம்ப் அப்படியில்லை, நிமிடத்துக்கு 15 முதல் 20 லிட்டர் வரை இரண்டு மூன்று நிமிடம் நிற்காமல் தள்ளும். பாதி அடைத்த பைப் செம்புத் தண்ணீரையும் ஃப்ளஷ்ஷையும் எப்படியோ மெதுவாகக் கடத்திவிடும், இதைக் கடத்தாது. தேங்குகிற தண்ணீர் பைப்புக்குள் இருக்கும் காற்றை நெருக்க, அந்தக் காற்று டாய்லெட் கோப்பையில் நிற்கும் தண்ணீர் வழியாகக் குமிழியாக வெளியேறும், அதன் பின்னாலேயே தண்ணீர் வந்து மிகத் தாழ்வான வாயைத் தேடும். வீட்டிலேயே தாழ்வான வாய் தரையில் இருக்கும் நானி டிராப்.

இதில் ஒன்றை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். நம் வீடுகளில் மெஷின் ஹோஸைப் பைப்புக்குள் விடாமல் பாத்ரூம் தரையிலேயே போட்டுவிடுவது வழக்கம். அப்போது நானி டிராப்பின் ஜாலியில் துணிப் பஞ்சும் முடியும் சேர்ந்திருந்தால் தண்ணீர் கீழே போகாமல் தரையில் நிற்கும், அதைக் கீழிருந்து ஏறுவதாக நினைத்துவிடுவோம். ஜாலியையும் உள்ளே கிண்ணம் இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, ஹோஸை ஒரு பக்கெட்டில் விட்டுப் பிடித்து, நிரம்ப நிரம்பச் சட்டென்று அந்த ஓட்டையில் கவிழ்த்துப் பாருங்கள். இறங்கிவிட்டது, டாய்லெட்டில் குமிழி இல்லை என்றால் ஜாலியோடு கதை முடிந்தது. குமிழி வந்தால் தொடர்ந்து படியுங்கள்.

அந்தப் பக்கெட்டில் இன்னொரு பலனும் உண்டு. 15 லிட்டர் பக்கெட் நிரம்ப எத்தனை விநாடி என்று பார்த்தால் உங்கள் மெஷின் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று தெரிந்துவிடும். இந்த எண்ணை வைத்துக்கொண்டு அடைப்பு ஏறக்குறைய எந்த இடத்தில் இருக்கிறது என்று வெளியில் நின்றபடியே சொல்ல முடியும், அதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

பள்ளத்தூரில் ஒரு பழைய வீடு. முகப்பு ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில், நடுவில் கட்டு கட்டாக நீண்டு போகிற வீடு. டாய்லெட்டெல்லாம் பிற்பாடு சேர்த்தது, மெஷின் அதற்கும் பின்னால் வந்தது. அங்கிருந்து கொல்லைப் பக்கம் இருக்கும் முதல் சேம்பருக்கு, அதாவது லைனைத் திறந்து பார்க்கிற மூடி போட்ட தொட்டிக்கு, 40 அடி, போகிற வழியில் பாதி தூரம் பழைய ஆத்தங்குடிக் கல் பாவிய தரைக்கு அடியில். நான் போவதற்கு முன்பே அந்த வீட்டு ஆச்சி மூன்று வைத்தியம் பார்த்திருந்தார்: ஆசிட் ஊற்றினார்கள், செப்டிக் டேங்கை லாரி வைத்து உறிஞ்சி எடுத்தார்கள், சேம்பர் பக்கமிருந்து மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தினார்கள். குத்திய பிறகு சில நாள் நன்றாக இருந்து மறுபடி ஏறியது. கடைசியாக வந்தவர் தரையை உடைத்துத்தான் பார்க்கணும் என்று சொல்லியிருக்கிறார்.

"தம்பி, இந்தக் கல்லை எடுத்தா இதே மாதிரி கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்காது ஆச்சி என்றேன். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதில்லை, கண்ணாடி மேல் நிறம் ஊற்றிக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கும் சிமெண்ட் கல். ஒட்டியதைப் பெயர்த்தால் பெரும்பாலும் உடைந்துதான் வரும், புதிதாக வார்த்துப் போட்டாலும் பல வருடம் கால் பட்ட பழைய கல்லோடு நிறம் சேராது.

டேங்க் எடுத்தும் ஒரு நாள்கூட மாற்றமில்லை என்று அவர் சொன்னதே எனக்குப் பாதி விடை. டேங்க்கோ அதற்குப் பின்னால் இருக்கும் உறிஞ்சு குழியோ காரணமாக இருந்தால், காலி செய்ததும் வீடு முழுக்க எல்லாம் வேகமாக இறங்கும், டேங்க் மறுபடி நிரம்பும் வரை சில நாளாவது நிம்மதியாக இருக்கும், மழைக்காலத்தில் இன்னும் மோசமாகும். இங்கே அப்படி எதுவுமில்லை.

சரி, சேம்பர் மூடியைத் திறந்து பார்ப்போம் என்று ஒரு ஆளை அதன் பக்கத்தில் நிற்க வைத்தேன், நான் பாத்ரூமில். ஒரு மணி நேரம் யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்லி, லைனை வடியவிட்ட பிறகு மெஷினை ஓடவிட்டோம். சேம்பரில் தண்ணீர் நிரம்பி நின்றால் கோளாறு சேம்பருக்கு அப்புறம், டேங்க் பக்கம். சேம்பர் ஏறக்குறைய காலியாக இருந்து, பாத்ரூமில் மட்டும் ஏறினால் கோளாறு வீட்டுக்கும் சேம்பருக்கும் நடுவில். இந்த வீட்டில் விரல் தடிமனுக்கு ஒரு கம்பி மாதிரி தண்ணீர் வந்து விழுந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஆக, அந்த 40 அடிக்குள். ஆனால் எங்கே?

மெஷின் நிமிடத்துக்கு 18 லிட்டர் தள்ளியது, பக்கெட் கணக்கு. பம்ப் ஓட ஆரம்பித்து ஒன்றரை நிமிடத்தில் நானி டிராப்பில் தண்ணீர் எழும்பியது. அப்படியானால் 27 லிட்டர் உள்ளே போயிருக்கிறது. நான்கு அங்குலப் பைப் ஒரு மீட்டர் நிரம்ப ஏறக்குறைய 8 லிட்டர் பிடிக்கும், ஆகவே ஒரு சொட்டுகூட வெளியே போகாமல் அத்தனையும் பைப்பிலேயே நின்றிருந்தாலும் நிரம்பிய நீளம் மூன்றரை மீட்டருக்கு உள்ளேதான், கிட்டத்தட்ட 11 அடி. சேம்பரில் கொஞ்சம் விழுந்துகொண்டே இருந்ததால் உண்மையில் அதைவிடக் குறைவு. அடைப்பு 11 அடிக்குள், அதாவது ஆத்தங்குடிக் கல் தொடங்குவதற்கு முன்பே, பாத்ரூம் பக்கத்துச் சிமெண்ட் தளத்துக்கு அடியில்.

இந்தக் கணக்கு ஏமாற்றும் இடமும் உண்டு. பைப் நடுவில் உள்வாங்கி, அங்கே ஏற்கெனவே தண்ணீர் தேங்கிக் கிடந்தால், அந்த இடம் புதுத் தண்ணீருக்குக் கிடைக்காது, அதனால் அடைப்பு இருப்பதைவிடப் பக்கமாகத் தெரியும். அதற்காகத்தான் சேம்பரிலிருந்து கம்பி விட்டும் தூரத்தைப் பார்த்தேன். 31 அடியில் தட்டியது. இந்தப் பக்கமிருந்து எண்ணினால் 9 அடி. இரண்டு கணக்கும் ஒத்துப்போயின.

சிமெண்ட் தளத்தில் இரண்டடிக்கு ஒரு குழி எடுத்தோம். பிற்பாடு கட்டிய இன்னொரு பாத்ரூமின் பைப்பை அங்கே நேர் டீ வைத்து இணைத்திருந்தார்கள். பக்கவாட்டிலிருந்து வரும் தண்ணீர் ஓட்டத்தோடு சாய்ந்து சேர வேண்டும், அதற்குத்தான் ஒய் என்கிற சாய்வான இணைப்பு இருக்கிறது. நேர் டீயில் இரண்டு ஓட்டமும் மோதி வேகம் செத்து, கொண்டுவந்த பஞ்சையும் முடியையும் அங்கேயே இறக்கிவிட்டுப் போகும். போதாக்குறைக்கு இணைப்பு வைத்தபோது உள்ளே விழுந்த சிமெண்ட் கலவை முஷ்டி அளவுக்குக் கெட்டியாக ஒட்டியிருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு துணிப் பஞ்சும் முடியும் சோப்புக் கசடும் சேர்ந்து ஒரு கம்பளி மாதிரி. உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து கசடாகப் படிவது நம் ஊர் போர் தண்ணீரில் சாதாரணம். மூங்கில் விட்டுக் குத்தியபோது இந்தக் கம்பளியில் ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது, சில நாளில் அதுவே மூடிக்கொண்டது. ஆசிட்டுக்கோ இது அசைந்தே கொடுக்கவில்லை.

டீயை அறுத்து எடுத்து ஒய் வைத்தோம். வாட்டமும் பார்த்தோம், நான்கு அங்குலப் பைப்புக்குப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் குறைந்தபட்சம், மூன்று இருந்தால் நிம்மதி. இங்கே இரண்டுக்குச் சற்று மேலே இருந்தது, விட்டுவிட்டோம்.

மறுபடி மெஷினை ஓடவிட்டால் நானி டிராப்பில் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் மெஷின் நிற்கிற நேரத்தில் டாய்லெட் ஒரு முறை மடக்கென்று விழுங்கியது. இது வேறு கோளாறு. தேங்கும் அடைப்பில் குமிழி தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது வந்து, பின்னாலேயே மட்டம் உயரும். காற்றுக்கு வழி இல்லாத லைனில் எதுவும் உயராது, ஓடிப்போகும் தண்ணீர் தன் பின்னால் காற்றை இழுக்க, கோப்பையில் உள்ள தண்ணீரின் மட்டம் கீழே போகும். கோப்பையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, மெஷின் விட்டு முடித்ததும் பார்த்தால் தெரிந்துவிடும். நானி டிராப்பில் நிற்கிற தண்ணீர் 50 மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டியது, அதை இப்படி இழுத்துவிட்டால் லைனில் உள்ள நாற்றம் நேராக வீட்டுக்குள் வரும்.

அந்த வீட்டில் டேங்க் மேல் மட்டும்தான் வென்ட் பைப் இருந்தது. லைன் தொடங்குகிற முனையிலிருந்து இரண்டு அங்குலத்தில் ஒரு பைப்பைச் சுவரோடு ஏற்றி, ஓட்டுக்கு மேலே கொண்டுபோய்த் தொப்பி வைத்தோம். வீட்டு நடுவில் முற்றத்தைச் சுற்றி இருக்கும் வளவுக்குள் கொண்டுபோனால் வேலை எளிது என்று கொத்தனார் சொன்னார். முற்றத்தில் விட்டால் காற்று கீழே இறங்கும் நேரத்தில் வாடை முழுக்க வளவில்தான் வந்து நிற்கும் என்பதால் வெளிச்சுவரிலேயே ஏற்றினோம்.

மெஷின் ஹோஸைப் பைப்புக்குள் சொருகிச் சுற்றி டேப் போட்டு இறுக்கியிருந்தார்கள், அதையும் எடுத்துவிட்டேன். ஹோஸைச் சுற்றி இடைவெளி இருக்க வேண்டும். முனையில் பஞ்சு பிடிக்கிற வலைப்பையைக் கட்டி வாரம் ஒரு தடவை உதறினால் போதும்.

பூட்டிக் கிடந்து விசேஷத்துக்கு மட்டும் திறக்கிற வீடுகளில் இன்னொன்று நடக்கும். மாதக்கணக்கில் ஆள் இல்லாமல் டிராப்பில் உள்ள தண்ணீர் வற்றி நாறும், பைப்புக்குள் இருக்கிற கசடு காய்ந்து இறுகும், வந்த அன்றே நாலு லோடு துணி போட்டதும் எல்லாம் மேலே வரும். ஊருக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு டிராப்பிலும் தண்ணீர் ஊற்றி மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது.

தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது மெஷினை நிறுத்திவிடுங்கள், ஃப்ளஷ் செய்யாதீர்கள். ஆள் வரும் வரை ஹோஸைக் கொல்லையில் விட்டுத் துவைத்துக்கொள்ளலாம். டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பதும் இறங்குவதும் வேண்டவே வேண்டாம், அந்த வாயு உயிரைக் குடிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே லைனில் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஒன்று ஊற்றியிருந்தால் மற்றதைத் தொடாதீர்கள். எது ஊற்றியிருந்தாலும் வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கம்பியை இழுக்கும்போது தெறிப்பது அவர் முகத்தில்தான்.