முப்பத்தைந்து என்றால் பாஸ்தானே?

டிஸ்சார்ஜ் அன்று மதியம் மூன்று மணி. பில் கட்டியாயிற்று, ஆட்டோ வெளியே நிற்கிறது. அந்த நேரத்தில்தான் நான்கு பக்க ஆங்கிலத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர்களுக்குத் தமிழில் வாசித்துச் சொல்வேன். பல வருடமாக இதுதான் என் வேலை. வாசிக்கும் முன் ஐந்து நிமிடம் தனியாக உட்கார்ந்து, எந்த இடத்தில் நின்று பேச வேண்டியிருக்கும் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்வேன். சமீபத்தில் வந்த ஒரு தாளையே சொல்கிறேன். 58 வயதுக்காரர். மூச்சுத்திணறலோடு வந்தவர், ஆஞ்சியோகிராம் முடிந்து வீட்டுக்குப் போகிறார். கூட மனைவியும் மகனும்.

முதல் கோடு முதல் வரியிலேயே விழுந்தது: ஹார்ட் ஃபெயிலியர். ‘இதயச் செயலிழப்பு’ என்று அப்படியே வாசித்தால் அந்த அம்மா அதற்குமேல் எதையும் கேட்க மாட்டார். இதயம் நின்றுவிட்டது என்றுதான் காதில் விழும். அதனால், “இதயம் வேலை செய்யுது. ரத்தத்தைத் தள்ளுற வலுதான் குறைஞ்சிருக்கு. அதனாலதான் காலிலும் நுரையீரலிலும் நீர் தேங்குச்சு” என்றேன்.

அடுத்து இ.எஃப். 35 சதவீதம். மகன் முகத்தில் ஒரு நிம்மதி. “35 பாஸ் மார்க்தானே மேடம்?” சிலர் நேர்மாறாக, நூற்றில் அறுபத்தைந்து போய்விட்டதென்று அழுவார்கள். இரண்டுமே தப்பு. ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறையில் இருக்கும் ரத்தத்தில் எத்தனை பங்கு வெளியே போகிறது என்பதுதான் இந்தக் கணக்கு. நல்ல இதயமே ஏறக்குறைய 55 முதல் 70 சதவீதம்தான் தள்ளும். 35ஐ அந்த அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லும்போது, “இது தாளில் இல்லை, நான் சேர்த்துச் சொல்றேன்” என்று பிரித்தே சொல்வேன். இல்லாவிட்டால் டாக்டர் எழுதியது எது, என் விளக்கம் எது என்று அவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் விடாமல் வாசித்தேன், ஆனால் அங்கே நிற்கவில்லை. அவற்றை வைத்து வீட்டில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

மருந்துப் பட்டியலில் சர்க்கரை மாத்திரைக்கு நேராக ‘மெட்ஃபார்மின் ஹோல்ட்’ என்று இருந்தது. இந்த ஒரு சொல்லில் நான் முன்பு சறுக்கியிருக்கிறேன். இன்னொரு நோயாளிக்கு “நிறுத்துங்க” என்று மட்டும் வாசித்தேன். அவர்கள் நிறுத்தியே விட்டார்கள். அடுத்த முறை வரும்போது சர்க்கரை 400ஐத் தாண்டியிருந்தது. ஹோல்ட் என்றால் தற்காலிகமாக நிறுத்துவது. எதுவரைக்கும் என்று தாளில் இல்லை. எனக்கு ஓரளவு தெரியும்: ஆஞ்சியோவுக்கு ஏற்றும் மருந்து சிறுநீரகத்தைப் பாதித்திருக்கிறதா என்று பார்க்கும்வரை நிறுத்தி வைப்பார்கள். தெரிந்தாலும் அதை நான் சொல்லக்கூடாது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். 48 மணி நேரம் கழித்து கிரியாட்டினின் பார்த்து, ரிப்போர்ட்டைக் காட்டிவிட்டுத் திரும்பத் தொடங்கலாம் என்றார். அதைத் தாளிலேயே பேனாவால் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அப்புறம்தான் அந்த வரியைத் தமிழில் வாசித்தேன்.

அதிக நேரம் எடுத்தது எடை பற்றிய வரி. ‘மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் உடனே தொடர்புகொள்ளவும்.’ மொழிபெயர்க்க ஒரு சிரமமும் இல்லாத வாக்கியம். ஆனால் நம் வீடுகளில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு எடை கூடினால் “நல்லா தேறிட்டார்” என்பார்கள். அந்த அம்மாவும் தலையாட்டிக்கொண்டு, “ஆமாம், நல்லா சாப்பிட்டு உடம்பு தேறணும்” என்றார். எதற்காகத் தலையாட்டுகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. “இது சதை இல்லம்மா, நீர். மூணு நாள்ல ரெண்டு கிலோ சாப்பாட்டுல ஏறாது” என்றேன். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடுவதற்கு முன், ஒரே மெஷினில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதச் சொன்னேன். வீட்டில் மெஷின் இல்லை. போகிற வழியில் வாங்கிவிடுவதாக மகன் சொன்னார்.

ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் திரவம்தான் என்ற வரியும் அப்படித்தான். ‘திரவம்’ என்று வாசித்தால் தண்ணீரை மட்டும் அளப்பார்கள். காபி, மோர், கஞ்சி எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். காலையில் ஒன்றரை லிட்டர் தண்ணீரைத் தனியாகப் பிடித்து வைத்து, வேறு எது குடித்தாலும் அதே அளவு தண்ணீரை அதிலிருந்து கொட்டிவிடச் சொன்னேன். மிச்சம் இருப்பதுதான் அன்றைக்குக் குடிக்க.

“புரிஞ்சுதா?” என்று நான் கேட்பதில்லை. கேட்டால் எல்லோருமே “புரிஞ்சுது” என்றுதான் சொல்வார்கள். சமைப்பது யாரோ அவரிடம், “நாளைக்குக் காலையில முதல்ல என்ன செய்வீங்க?” என்று கேட்பேன். அந்த அம்மா எடை, காலண்டர், தண்ணீர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தி, “சோத்துல ஊத்துற ரசம்?” என்று கேட்டார்.

“அதுவும் கணக்குதாம்மா.”

“அப்ப காபியைப் பாதியாக்கிடுறேன். ரசம் இல்லாம அவர் சாப்பிட மாட்டார்.”