விளிம்பே இல்லாத இடத்தில் விளிம்பு விளைவு

தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘டிஃப்ராக்‌ஷன்’ என்பதற்கு ‘விளிம்பு விளைவு’ என்று பெயர். சின்னப் பிளவு ஒன்றின் வழியாக ஒளி போகும்போது ஓரத்தில் வளைந்து நிழலுக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறதே, அந்தப் படத்தைப் போட்டுத்தான் இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுப்பார்கள். அங்கே விளிம்பு இருக்கிறது, பெயரும் பொருந்துகிறது. அப்புறம் சில பக்கங்கள் தள்ளி ‘படிகத்தில் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு’ என்று வரும்போதுதான் சிக்கல். உப்புக்கல்லுக்குள் அணுக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. அதில் எது விளிம்பு? நான் படித்த காலத்தில் இதைக் கேட்டேன், ‘கல்லோட ஓரம்தான்’ என்று பதில் வந்தது, நானும் ரொம்ப நாள் அதையே நம்பிக்கொண்டிருந்தேன். அது தவறு. கல்லின் ஓரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதிலும் விளிம்பு கிடையாது. பொலோன்யாவில் இருந்த ஏசு சபைத் துறவி ஃபிரான்செஸ்கோ மரியா கிரிமால்டி, இருட்டறைக்குள் ஒரு சிறு துளை வழியாகச் சூரிய ஒளியை விட்டு, அதன் குறுக்கே வைத்த பொருளின் நிழலை அளந்தார். ஒளி நேர்கோட்டில்தான் போகிறது என்றால் நிழல் எவ்வளவு அகலம் இருக்க வேண்டுமோ அதைவிட அகலமாக இருந்தது, ஓரத்தில் வண்ணப் பட்டைகள் வேறு. நேராகப் போவது, பட்டுத் திரும்புவது, வேறு ஊடகத்துக்குள் விலகிப் போவது என்ற மூன்றிலும் இது சேராது, இது நான்காவது வழி என்று சொல்லி அதற்கு ‘டிஃப்ராக்தியோ’ என்று பெயர் வைத்தார். அவர் இறந்தபின் 1665-இல் வெளிவந்த நூலில் இந்தச் சொல் இருக்கிறது. லத்தீனில் ‘ஃப்ராங்கெரே’ என்றால் உடைத்தல், முன்னால் வரும் ‘டிஸ்’ என்பது பல பக்கமாக என்ற பொருள் தரும். ஆக, உடைந்து பல பக்கம் சிதறுவது. ஒளிவிலகலுக்கான ‘ரிஃப்ராக்‌ஷன்’ என்பதும் இதே வேரில் பிறந்ததுதான், இலங்கைப் பாடநூல்கள் அதை ‘முறிவு’ என்று அழைப்பதால் மூலச்சொல்லின் பொருள் அப்படியே நிற்கிறது. (கணக்கில் வரும் ‘ஃப்ராக்‌ஷன்’ கூட இந்தக் குடும்பம்தான். நாம் சொல்லும் ‘பின்னம்’ என்பதற்கும் வடமொழியில் உடைந்தது என்றே பொருள்.) டிஃப்ராக்‌ஷனுக்கு இலங்கையில் ‘கோணல்’ என்று வைத்திருக்கிறார்கள். முதலில் கேட்கும்போது கோணல்மாணல் நினைவுக்கு வந்து சிரிப்பு வரும், ஆனால் படிகத்துக்கு எது பொருந்தும் என்று பார்க்கும்போது அந்தச் சொல்லுக்குத்தான் திரும்பி வர வேண்டியிருக்கும்.

சரி, படிகத்துக்குள் என்னதான் நடக்கிறது?

1912-இல் மியூனிக்கில் மாக்ஸ் ஃபான் லாவே சொன்ன யோசனைப்படி ஃப்ரீட்ரிஷும் க்னிப்பிங்கும் மயில்துத்தப் படிகம் ஒன்றின் வழியாக எக்ஸ் கதிரைச் செலுத்தினார்கள், பின்னால் வைத்த ஒளிப்படத் தகட்டில் புள்ளிகள் விழுந்தன. அந்தப் புள்ளிகளுக்கு எளிய விளக்கம் தந்தவர் கேம்பிரிட்ஜில் இருந்த 22 வயது லாரன்ஸ் பிராக். படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கடுக்கான தளங்களாக இருக்கின்றன, ஒவ்வொரு தளமும் கதிரில் மிகச் சிறு பங்கைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்புகிறது, மீதி அடுத்த தளத்துக்கு இறங்கிப் போகிறது என்றார். ‘கண்ணாடிபோல’ என்பது வெறும் உவமை இல்லை. ஒரே தளத்தில் இருக்கும் எல்லா அணுக்களும் அலையைச் சிதறடிக்கின்றன, வரும் கோணமும் போகும் கோணமும் சமமாக இருக்கும் திசையில் மட்டும், அந்தத் தளத்தின் எந்த அணுவிலிருந்து வந்தாலும் அலை கடந்த மொத்தத் தூரம் ஒன்றுதான். அதனால் தளத்துக்குள் அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற கவலை நமக்கு வேண்டாம். தளங்களுக்கு இடையே என்ன ஆகிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

ஒரு தாளில் இரண்டு கிடைக்கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள், இடைவெளி d. மேல்கோட்டில் ‘அ’ என்று ஒரு புள்ளி, நேர்கீழே கீழ்க்கோட்டில் ‘ஆ’. இடப்பக்கமிருந்து இரண்டு இணைகதிர்கள் தளத்தோடு θ கோணத்தில் சரிந்து வருகின்றன, ஒன்று அ-வில் பட்டுத் திரும்புகிறது, மற்றது ஆ-வில். இப்போது அ-விலிருந்து கீழ்க்கதிரின் வரும் பகுதிக்கு ஒரு செங்குத்து இறக்குங்கள், அது தொடும் இடம் ‘ப’. போகும் பகுதிக்கு இன்னொன்று, அது ‘க’. ப வரைக்கும் இரண்டு அலைகளும் ஒரே கட்டத்தில் வந்தன, க-வுக்குப் பிறகும் இரண்டும் இணையாகச் சமதூரம்தான் போகின்றன. ஆகவே கீழ்க்கதிர் கூடுதலாக நடந்தது ப–ஆ–க என்ற தூரம் மட்டுமே. அ–ஆ தளத்துக்குச் செங்குத்து, அ–ப கதிருக்குச் செங்குத்து, எனவே இவை இரண்டுக்கும் இடையே உள்ள கோணம், தளத்துக்கும் கதிருக்கும் இடையே உள்ள அதே θ. அப்படியானால் ப–ஆ என்பது d sin θ, ஆ–க அதே அளவு. பாதை வேறுபாடு 2d sin θ. இது அலைநீளத்தின் முழு மடங்காக இருந்தால் இரண்டு அலைகளும் முகட்டோடு முகடு சேரும்:

nλ = 2d sin θ

இங்கே வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒளியியலில் கோணத்தைச் செங்குத்துக் கோட்டிலிருந்து அளந்து பழகிய கை, இங்கேயும் அப்படியே அளக்கப் பார்க்கும். இந்த θ தளத்திலிருந்து அளப்பது.

இன்னொன்றும் கேட்கத் தோன்றும். பாதை வேறுபாடு சரியாக ஒரு அலைநீளம் இல்லாமல் 1.01 அலைநீளமாக இருந்தால் என்ன, கிட்டத்தட்டச் சேர்ந்துவிடுமே? இரண்டே தளங்கள் என்றால் சேரும்தான். ஆனால் முதல் தளத்துக்கும் 51-ஆம் தளத்துக்கும் இடையே அந்த 0.01 ஐம்பது முறை கூடி அரை அலைநீளம் ஆகிவிடுகிறது, முகடும் பள்ளமும் மோதி இரண்டும் அழிகின்றன. இரண்டாவதை 52-ஆவது அழிக்கும், மூன்றாவதை 53-ஆவது. ஒரு சிறு தூளிலேயே ஆயிரக்கணக்கான தளங்கள் இருப்பதால் சரியான கோணத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தாலே எல்லாம் ஒன்றையொன்று தின்றுவிடும். கருவி போடும் வரைபடத்தில் கோடுகள் ஊசிபோல வருவது இதனால்தான். விளிம்புக்கு இதில் எங்கேயும் வேலை இல்லை என்பதையும் கவனியுங்கள். நடப்பது இரண்டே காரியம், அணுக்கள் சிதறடிப்பதும் சிதறிய அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதும்.

சாப்பாட்டு உப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் கனசதுர அலகின் பக்கம் 5.64 ஆங்ஸ்ட்ராம். அப்படியானால் d = 5.64 என்று போட்டுவிடலாமா? கூடாது. பாதி உயரத்தில், 2.82-இல், சோடியமும் குளோரினும் அதே எண்ணிக்கையில் கலந்த இன்னொரு தளம் இருக்கிறது. 5.64-க்கு ஒரு முழு அலைநீளம் வித்தியாசம் வரும் கோணத்தில் இந்த நடுத்தளத்துக்கு அரை அலைநீளம் வரும், முழுவதும் அழிந்துபோகும். காப்பர் குழாயின் கே-ஆல்ஃபா கதிர், அதாவது 1.5406 ஆங்ஸ்ட்ராம், வைத்துக் கணக்குப் போட்டால் 2θ-வில் 15.7 டிகிரியில் வந்திருக்க வேண்டிய கோடு அது, வரைபடத்தில் இருக்காது. உண்மையான இடைவெளி 2.82-ஐப் போட்டால் sin θ = 1.5406 / 5.64 = 0.273, θ = 15.85 டிகிரி. கருவி காட்டுவது 2θ, அதாவது 31.7. உப்பின் மிகப் பெரிய கோடு அங்கேதான் நிற்கும். மறதியாக 31.7-ஐயே θ என்று போட்டால் d 1.47 என்று வந்து, உப்பே இல்லாத ஏதோ ஒன்றைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள்.

இப்போது அலைநீளம். sin θ ஒன்றைத் தாண்டாது என்பதால் λ, 2d-ஐத் தாண்டக்கூடாது. உப்பின் இந்தத் தளங்களுக்கு உச்சவரம்பு 5.64 ஆங்ஸ்ட்ராம். கண்ணுக்குத் தெரியும் பச்சை ஒளி ஐயாயிரத்துச் சொச்சம் ஆங்ஸ்ட்ராம், எந்தக் கோணத்தில் வைத்தாலும் நடக்காது. அப்படியென்றால் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது என்று நினைக்கத் தோன்றும், அதுவும் இல்லை. 0.1 ஆங்ஸ்ட்ராம் கதிரைப் பாய்ச்சினால் முதல் கோடு 2θ-வில் 2 டிகிரிக்கே வந்துவிடும், கோடுகளெல்லாம் நேர்க்கதிரின் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாது. கோடுகள் விரிந்து பரவ வேண்டும் என்றால் அலைநீளம் d அளவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நம் கையில் இருக்கும் குழாய்களில் மாலிப்டினம் 0.71, காப்பர் 1.54, கோபால்ட் 1.79, குரோமியம் 2.29. அதே உப்புக் கோடு மாலிப்டினத்தில் 14.5-இலும் காப்பரில் 31.7-இலும் குரோமியத்தில் 47.9-இலும் வரும்.

பாடநூல் இதோடு நிறுத்திக்கொள்ளும். ஆய்வகத்தில் அடி வாங்குவது இதற்கு அப்புறம்தான். ஒருமுறை ஒரு கல்லூரி ஆய்வகத்தில் துருத்தூளை வழக்கம்போலக் காப்பர் குழாயில் ஓட்டினேன். கோடுகள் கண்ணில் படவே இல்லை, இந்தக் கோணத்திலிருந்து அந்தக் கோணம் வரை தரைமட்டமே உயர்ந்து போய் ஒரு மேடாக நின்றது. தூள் சரியாக அரைபடவில்லையோ என்று இரண்டு தடவை அரைத்தேன், ஓட்டும் நேரத்தைக் கூட்டினேன், மேடும் கூடவே வளர்ந்தது. காரணம் தூளில் இல்லை. இரும்பின் கே உறிஞ்சு விளிம்பு 1.743 ஆங்ஸ்ட்ராம், அதைவிடக் குறைந்த அலைநீளம் கொண்ட கதிர் பட்டால் இரும்பு அணு அதை விழுங்கிவிட்டுத் தன் சொந்த எக்ஸ் கதிரை எல்லாத் திசையிலும் உமிழும். காப்பரின் 1.54 அந்த எல்லைக்குக் கொஞ்சம்தான் கீழே, அதாவது விழுங்குவதற்கு ரொம்ப வசதியான இடம். உமிழ்ந்த கதிர்கள் ஒன்றோடொன்று கட்டம் ஒத்தவை அல்ல, ஆகவே எந்தக் கோணத்திலும் சேர்ந்து கோடாகாமல் எல்லாக் கோணத்திலும் பின்னணியாகப் படிகின்றன. தரைமட்டம் சீராக உயர்ந்தால் முதல் சந்தேகம் இதுதான். கோபால்ட்டின் 1.79 எல்லைக்கு மேலே இருப்பதால் இரும்பைச் சீண்டாது. துருவாகாத உலோக இரும்பை எடுத்துக்கொண்டால் முதன்மைத் தளங்களுக்கு d 2.027, கோடு காப்பரில் 44.7-இல் வருவதற்குப் பதில் கோபால்ட்டில் 52.4-இல் வரும், பின்னணி தணிந்து கோடு துலங்கும். (ஒரு கேலி பாருங்கள், இத்தனை கதையிலும் உண்மையான ‘விளிம்பு’ இந்த உறிஞ்சு விளிம்பு ஒன்றுதான், அதற்கும் டிஃப்ராக்‌ஷனுக்கும் உறவில்லை.)

எஃகுப் பாகங்களில் உள்தகைவு அளப்பவர்கள் இன்னும் ஒரு படி போய்க் குரோமியம் குழாயை எடுப்பார்கள். 1.170 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி கொண்ட தளங்களுக்கு 2d = 2.34, குரோமியத்தின் 2.29 அதற்குக் கீழே மயிரிழையில் நுழைகிறது, கோடு 156 டிகிரிக்குப் போய்விடும். அவ்வளவு உயர்ந்த கோணத்தில் d துளி மாறினாலும் கோடு நன்றாக நகரும், அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். λ ≤ 2d என்ற வரம்பை ஒட்டி ஒட்டியே போவதில் இப்படி ஒரு லாபம்.

சொல்லுக்கு வருவோம். பிளவுக்கும் கூர்முனைக்கும் ‘விளிம்பு விளைவு’ இருந்துவிட்டுப் போகட்டும், தேர்வில் அதை எழுதினால்தான் மதிப்பெண். படிகத்தைப் பற்றி எழுதும்போது நான் ‘படிகக் கோணல்’ என்றே எழுதுகிறேன், கதிர் எந்தக் கோணத்தில் கோணுகிறது என்பதைத்தானே அங்கே அளக்கிறோம். ‘சிதறல்’ என்று மட்டும் போடலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். போடலாம்தான், ஆனால் துருத்தூளின் அந்த மேட்டை எழுப்பிய கதிர்களும் நாலாபக்கமும் சிதறியவைதான், அதையும் கோட்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் எனக்குக் குழப்பமாக இருக்கும்.