என்டிவிஐ போடும் முன் ஆயிரத்தைக் கழித்தீர்களா?

மறுபடியும் அதே மாதிரி ஓர் அறிக்கை சரிபார்க்க வந்திருக்கிறது. டெல்டாவில் தாளடிப் பயிர். 2021 பிப்ரவரி முதல் வாரத்து சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தையும் 2022-ல் அதே வாரத்துப் படத்தையும் ஒப்பிட்டு, “என்டிவிஐ 0.78-லிருந்து 0.54-க்குச் சரிவு, பயிர் வளர்ச்சி பாதிப்பு” என்று எழுதியிருக்கிறார்கள். பயிரின் பசுமையைக் காட்டும் குறியீடுதான் என்டிவிஐ: அண்மை அகச்சிவப்பு மதிப்பிலிருந்து சிவப்பு மதிப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. அறிக்கை எழுதுபவரும் வட்டாரமும் மாறினாலும் இந்தச் சரிவு மட்டும் மாறாமல் வருகிறது. பயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. படக் கோப்பில் எண்களை எழுதும் முறைதான் இடையில் மாறிவிட்டது.

2022 ஜனவரி 25-லிருந்து, 04.00 என்ற செயலாக்கப் பதிப்பில், ஐரோப்பிய விண்வெளி முகமை ஒவ்வொரு பிக்சலின் எண்ணோடும் 1000 சேர்த்தே கோப்பில் எழுதுகிறது. ஆழ்ந்த நீர், நிழல் போன்ற இருண்ட இடங்களில் வளிமண்டலத் திருத்தத்துக்குப் பின் மதிப்பு சில சமயம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அது வெட்டுப்படாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. அதனால் தரைப் பிரதிபலிப்பு வேண்டுமென்றால் முதலில் 1000-ஐக் கழித்து, பிறகு 10000-ஆல் வகுக்க வேண்டும்.

இதைச் சொன்னால் உடனே வரும் பதில்: “என்டிவிஐ ஒரு விகிதம்தானே சார், மேலும் கீழும் அடிபட்டுப் போகும்.” இந்த வாக்கியம் பாதிதான் உண்மை. அடிபட்டுப் போவது பெருக்கல் மட்டும். சிவப்பு, அகச்சிவப்பு என்ற இரண்டு பேண்டையும் 10000-ஆல் வகுத்தாலும் வகுக்காவிட்டாலும் விடை ஒன்றே. கூட்டல் அப்படியல்ல. மேலே கழிக்கும்போது இரண்டு ஆயிரமும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். கீழே கூட்டும்போது இரண்டும் சேர்ந்து இரண்டாயிரமாக உட்கார்ந்துகொள்ளும்.

அந்தத் தாளடி வயலையே போட்டுப் பாருங்கள். சிவப்பில் பிரதிபலிப்பு 0.05, அண்மை அகச்சிவப்பில் 0.40 என்று வைத்துக்கொள்வோம். பழைய கோப்பில் இவை 500, 4000. புதிய கோப்பில் 1500, 5000.

```
(4000 - 500)  / (4000 + 500)  = 0.78
(5000 - 1500) / (5000 + 1500) = 0.54
```

பயிர் அதேதான். அறிக்கையில் இருந்த இரண்டு எண்களும் இப்படித்தான் பிறந்திருக்கின்றன.

“சரி, 0.24-ஐக் கூட்டிவிடலாமா?” என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அறுவடை முடிந்த வெற்று நிலத்தில் சிவப்பு 0.20, அகச்சிவப்பு 0.28 என்றால் சரியான விடை 0.17, கழிக்காமல் போட்டால் 0.12. அங்கே பிழை 0.05 மட்டுமே. இருண்ட பிக்சலில்தான் ஆயிரம் பெரிதாகத் தெரியும், அதனால் அடர்ந்த பயிர்தான் அதிகம் அடிவாங்குகிறது. குறியீட்டைப் போட்ட பிறகு ஒட்டுப்போட வழியில்லை. பேண்டிலேயே திருத்த வேண்டும்.

தேதியை வைத்து முடிவு செய்வதும் ஆபத்து. பழைய ஆண்டுப் படங்களையும் புதிய முறையில் மறுபடி தயாரித்து வெளியிட்டிருக்கிறார்கள். கோப்புப் பெயரில் `N0400` அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். `MTD_MSIL2A.xml`-ஐத் திறந்து `BOA_ADD_OFFSET` என்ன சொல்கிறது என்று படியுங்கள். ஒரு நிமிட வேலை. கூகுள் எர்த் எஞ்சினில் `COPERNICUS/S2_SR_HARMONIZED` எடுத்தால் ஆயிரம் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். அதிலும் போய் மறுபடி கழித்தால் மேலே சொன்ன வயல் –500, 3000 ஆகி, என்டிவிஐ 1.4 வரும். ஒன்றைத் தாண்டிய என்டிவிஐ-க்கு நிறம் பூசி வரைபடமாக அனுப்புகிறவர்களை என்ன சொல்ல?

கழிக்காமல் விட்டது இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. அதற்கு நான் செய்யும் சோதனை, பக்கத்து ஏரியில் தெளிந்த நீர்ப் பிக்சல் ஒன்றைப் பார்ப்பது. சிவப்பு 0.03, அகச்சிவப்பு 0.01 இருந்தால் –0.5 வர வேண்டும். பூஜ்யத்தை ஒட்டி –0.08 என்று நின்றால் ஆயிரம் உள்ளேயே இருக்கிறது.

லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களின் இரண்டாம் தொகுப்பில் எண்கள் வேறு, ஆனால் வினை அதேதான். 0.0000275-ஆல் பெருக்கி 0.2-ஐக் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் அதே வயல் 0.41 என்று காட்டும். இன்னொரு கண்ணியும் உண்டு: `MTL` கோப்பில் `REFLECTANCE_MULT_BAND_4` இரண்டு இடங்களில் வரும். ஒன்று முதல் நிலைப் படத்துக்கானது. `LEVEL2_SURFACE_REFLECTANCE_PARAMETERS` பகுதியில் இருப்பதை மட்டும் எடுங்கள். பூஜ்ய மதிப்புள்ள பிக்சல்கள் தரவே இல்லாத இடங்கள், கணக்குக்கு முன்பே அவற்றை நீக்கிவிடுங்கள், விட்டால் –0.2 என்று பிரதிபலிப்பாக மாறி, என்டிவிஐ பூஜ்யமாகி, வட்டாரச் சராசரியில் கலந்துவிடும்.

அறிக்கையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திருத்திய பேண்டுகளில் கணக்கை மறுபடி போடட்டும். பிறகும் சரிவு இருந்தால் வயலுக்குப் போய்ப் பார்க்கலாம்.