காலையில் பட்டினி, மதியம் சர்க்கரை ஏற்றம்

காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டால் அன்றைக்குச் சர்க்கரை குறையும் என்று டைப் 2 சர்க்கரை நோய் உள்ள பலர் நினைக்கிறார்கள். ஒரு வேளை சாப்பாடு குறைகிறதே, நியாயமான எண்ணம்தான். ஆனால் மதியம் நடப்பது வேறு.

இஸ்ரேல் மருத்துவர் டேனியலா ஜாகுபோவிச்சின் குழு 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 22 டைப் 2 நோயாளிகள் இருந்தார்கள். ஒரு நாள் மூன்று வேளையும் சாப்பிட்டார்கள். இன்னொரு நாள் மதியம் வரை பட்டினி. மதியமும் இரவும் இரண்டு நாளும் ஒரே சாப்பாடு, தலா 700 கலோரி. பட்டினி கிடந்த நாளில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரையின் உச்சம் ஏறத்தாழ 40 சதவீதம் கூடியது. இரவிலும் சுமார் 25 சதவீதம் கூடுதல். இன்சுலின் உச்சத்தைத் தொட அரை மணி நேரம் தாமதமானது.

ஏன் இப்படி? இரவு முழுக்கச் சாப்பிடாதபோது உடம்பு சேமித்த கொழுப்பை உடைத்து, கொழுப்பு அமிலங்களை இரத்தத்தில் விடுகிறது. தசைகள் அதை எரித்துக்கொண்டிருக்கும்வரை சர்க்கரையை அவ்வளவாக உள்ளே எடுப்பதில்லை. கல்லீரலும் தன் பங்குக்குச் சர்க்கரையைத் தயாரித்து அனுப்புகிறது. காலையில் சாப்பிட்டால் சுரக்கும் இன்சுலின் இந்த இரண்டையும் அடக்கிவிடும். கணையமும் ஒரு முறை வேலை செய்து தயாராகிவிடுவதால், மதியம் இன்சுலின் சீக்கிரம் வரும். முதல் வேளை இப்படி அடுத்த வேளைக்கு உதவுவதை 1920-களிலேயே கவனித்திருக்கிறார்கள். மேலே சொன்ன ஆய்வு சின்னது, ஒவ்வொரு முறைக்கும் ஒரே நாள்தான் என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் காலையில் சாப்பிடாமல் எடை குறைப்பவருக்குக் கணக்கு மாறலாம்.

இரவு பத்து மணிக்கு வயிறு முட்டச் சாப்பிடுவது இன்னொரு சிக்கல். தூக்கத்துக்கு முன் கூடும் மெலடோனின் என்ற ஹார்மோன், கணையத்தின் இன்சுலின் சுரப்பைக் குறைக்கக்கூடும். அந்த நேரத்தில் வந்து சேரும் சோறும் பரோட்டாவும் நள்ளிரவைத் தாண்டியும் சர்க்கரையை உயரத்திலேயே வைத்திருக்கும். விடியற்காலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்களும் கூடும்போது, வெறும் வயிற்று அளவு ஏறி நிற்கும்.

இது உங்களுக்குப் பொருந்துகிறதா என்று குளுக்கோமீட்டரிலேயே பார்க்கலாம். ஒரே இரவுச் சாப்பாட்டைச் சில நாள் ஏழரைக்கும் சில நாள் பத்துக்கும் சாப்பிட்டு, மறுநாள் வெறும் வயிற்று அளவுகளை எழுதி வைத்து ஒப்பிடுங்கள். ஒரே ஒரு நாள் அளவை நம்ப வேண்டாம். தூக்கமும் நடையும்கூட அதை மாற்றும்.

காலைச் சாப்பாட்டை விட்டுப் பார்க்கும் சோதனை மட்டும் எல்லோருக்கும் ஆகாது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும் ஆபத்து உண்டு. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள்.