கம்பி டைட் செய்த மறுநாள் பல் ஏன் வலிக்கிறது?

காலை 11 மணிக்குக் கம்பி மாற்றிக்கொண்டு போன 14 வயதுப் பெண்ணின் அம்மா மறுநாள் காலையில் போன் செய்தார். "டாக்டர், நேத்து நாற்காலியில இருந்து எழுந்தப்போ வலியே இல்லன்னு சொன்னா. இப்ப பிரெட்டைக்கூடக் கடிக்க முடியல. ஏதாவது தப்பாயிடுச்சா?" கிளிப் போட்டவர்கள் வீட்டிலிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இதுதான். தப்பு எதுவும் ஆகவில்லை, வலி அது வரவேண்டிய நேரத்தில்தான் வந்திருக்கிறது.

பல் எலும்போடு ஒட்டிக்கொண்டிருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு மெல்லிய நார் மெத்தை இருக்கிறது, பல் அதில்தான் தொங்குகிறது. அந்தப் பெண்ணுக்கு மேல்வரிசையில் முன்பல்லுக்குப் பக்கத்துப் பல் உள்ளே தள்ளி நின்றது. வளைத்துக் கட்டிய கம்பி பழைய வடிவத்துக்குத் திரும்பப் பார்த்து அதை வெளியே இழுக்கிறது. இழுத்ததும், பல் போகிற பக்கத்தில் நார் நசுங்குகிறது, எதிர்ப்பக்கத்தில் விறைத்து நீள்கிறது. நசுங்கிய இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, அங்குள்ள செல்கள் புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்களைச் சுரக்கின்றன, அவைதான் நரம்பு நுனிகளைக் கூச வைக்கின்றன. இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும் என்பதால்தான் நாற்காலியில் வலிப்பதில்லை, ராத்திரி தொடங்கி ஏறக்குறைய 24 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கி, பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஏற்கெனவே புண்பட்ட மெத்தையைக் கடிக்கும்போது இன்னும் அழுத்துகிறோம், சும்மா இருக்கும்போதைவிடக் கடிக்கும்போது அதிகமாக வலிப்பது அதனால்தான்.

அதே புரோஸ்டாகிளாண்டின்தான் எலும்புக்கும் சேதி சொல்கிறது. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் வந்து நசுங்கிய பக்கத்து எலும்பைக் கரைத்து வழிவிடுகின்றன, இழுபட்ட பக்கத்தில் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பு கட்டுகின்றன. வலி அடங்கிய பிறகும் இந்த வேலை வாரக்கணக்கில் ஓடுகிறது. 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வது இதற்காகத்தான். பல் மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே நல்ல வேகம். நடுவில் பல் லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம், நார் இருக்கும் இடம் அகன்றிருக்கிறது, அவ்வளவுதான்.

"வலி தாங்கிக்கிறேன், இன்னும் டைட் பண்ணுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்ல" என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். நான் செய்யவில்லை. அழுத்தம் மிகுந்தால் நசுங்கிய இடத்தில் ரத்தம் அறவே நின்று அங்குள்ள செல்கள் செத்துப்போகும். அப்புறம் எலும்பை நேர்முகத்தில் கரைக்க ஆளில்லை, பின்பக்கத்திலிருந்து தோண்டி வரவேண்டும். அதுவரை பல் வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும், வேர் நுனி தேயும் ஆபத்தும் கூடும். அதிகம் வலித்தால் அதிகம் நகர்கிறது என்று அர்த்தமில்லை.

சரி, வலிக்கு என்ன செய்வது? வலி ஏறிய பிறகு மாத்திரை தேடுவதைவிட, கம்பி மாற்றி வீட்டுக்குப் போனதும் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் ஒரு பாராசிட்டமால் போடுவது நல்லது, தேவைப்பட்டால் மறுநாளும். ஐபுபுரூஃபன் ஒன்றிரண்டு வேளை எடுத்தால் கெடுதல் பெரிதாக இல்லை, ஆனால் அது புரோஸ்டாகிளாண்டினையே தடுப்பதால் நாள்கணக்கில் எடுத்தால் பல் நகர்வு மந்தமாகலாம். ஆஸ்துமாவோ வயிற்றுப்புண்ணோ இருப்பவர்கள் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம்.

பலருக்கும் ஆச்சரியமாக இருப்பது மெல்லுவதுதான். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மைக் கொஞ்ச நேரம் மென்றால் நசுங்கிய நாரில் அழுத்தம் விட்டுவிட்டு மாறி, ரத்தம் திரும்பப் பாய்கிறது, வலி குறைகிறது. உங்கள் பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட்டுக்கு ஒத்துவருமா என்று மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆரம்ப மாதங்களில் போடும் நிக்கல் டைட்டானியம் கம்பி பல வேளைகளில் வெப்பத்தில் இறுகும் வகை, குளிர்ந்த தண்ணீரை வாயில் வைத்தால் சற்று நேரத்துக்குத் தளரும். 2, 3 நாள் மென்மையான உணவு போதும், பல் துலக்குவதை மட்டும் நிறுத்தாதீர்கள், ஈறு வீங்கினால் வலி இரட்டிப்பாகும். கன்னத்தில் கம்பி குத்தினால் அது வேறு வலி, அதற்கு மாத்திரை வேண்டாம், குத்தும் கம்பியின் மேல் கிளிப்புக்கென்றே உள்ள மெழுகை வையுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு ஐந்தாம் நாள் சாப்பாடு வழக்கம்போல் ஆனது. அப்படி இறங்காமல் ஒரு வாரம் தாண்டியும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, ஒரே ஒரு பல் மட்டும் கடிக்காமலேயே விண்ணென்று துடித்தாலோ, சூடாகக் குடித்த பின் வலி வெகுநேரம் நின்றாலோ, ஈறு வீங்கினாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் வந்துவிடுங்கள். பல்லின் உள்நரம்பில் கோளாறு இருக்கலாம், சில நேரம் எதிர்வரிசைப் பல் ஒரு பிராக்கெட்டில் இடித்துக்கொண்டிருக்கும், அதை ஒரே முறை பார்த்துச் சரிசெய்துவிடலாம்.